உண்மையுள்ளவரா, கீழ்ப்படிந்தவரா?

பாஸ்புக்கில் பெயர் திருத்தக் கேட்டு வங்கி மேலாளருக்கு எழுதும்போது ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று முடிக்க வேண்டாம். நாம் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் இல்லை, வாடிக்கையாளர்கள். ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ போதும். அடியில் கையெழுத்து, அதன்கீழ் பெயர். தாசில்தாருக்கும் இதுவே சரி.

தலைமையாசிரியருக்கு விடுப்புக் கடிதம் எழுதும் மாணவிக்கு மட்டும் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி’ பொருந்தும். அதே கடிதத்தை அவள் அப்பா எழுதினால் ‘தங்கள் உண்மையுள்ள’தான்.

விளிப்பில் ‘அன்புள்ள’ வேண்டாம், அது உறவுக்காரர்களுக்கு. ‘மதிப்பிற்குரிய ஐயா’ நல்லது. ஆனால் அந்த நாற்காலியில் பெண் அதிகாரி இருக்கலாமே! பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தெரியாவிட்டால் ‘ஐயா / அம்மையீர்’. தெரிந்த பிறகும் இரண்டையும் விட்டுவைத்தால், பழைய படிவத்தைப் பார்த்து எழுதியது போலிருக்கும்.