பி.டி.யா, ஆன்லைன் கோச்சா, சொந்தத் திட்டமா: எடையை ஏற்றும் முடிவு யாருடையது?

ஏறக்குறைய ஒரு வருடம் ஜிம்மிலேயே பி.டி., அதாவது தனி ட்ரெய்னரிடம் பயிற்சி, எடுத்தேன். இப்போது ஆன்லைன் கோச்சிடம் இருக்கிறேன். நடுவில் சில மாதங்கள் நானே திட்டம் எழுதியும் பயிற்சி செய்திருக்கிறேன். இன்றைக்கு என் சாய்வு ஆன்லைன் கோச் பக்கம்தான். ஆனால் எல்லோருக்கும் அதைச் சொல்லமாட்டேன். ஜிம்முக்கே புதியவர் என்றால் நிச்சயமாகச் சொல்லமாட்டேன்.

முதலில் பணம். வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் நான் விசாரித்த சாதாரண ஜிம்களில் மாதக் கட்டணம் சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய். பி.டி. என்றால் மாதம் 12 நாளுக்கு அதற்கு மேல் 8,000 முதல் 15,000 வரை கேட்டார்கள். ஆன்லைன் கோச்சுகள் 3,000 முதல் 6,000 வரை. அண்ணா நகர், ஓ.எம்.ஆர். பெரிய ஜிம்களில் எல்லாமே இன்னும் ஏறும். சொந்தத் திட்டத்துக்கு ஒரு நோட்டு போதும். நேரம், வசதி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கிறவருக்கு ட்ரெய்னரின் நேரம் ஒத்துவராது, அவ்வளவுதான்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் முடிவு செய்வது ஒரே கேள்வி. அடுத்த வாரம் பாரில் எவ்வளவு எடை போடுவது என்பதை யார், எதைப் பார்த்து முடிவு செய்கிறார்?

உடல் வலுவாவதற்குக் காரணம் வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதுதான். புதியவருக்கு இது சுலபம். ஸ்குவாட்டில் 40 கிலோவோடு தொடர்ந்து 5 முறை, அதாவது 5 ரெப், அப்படி 3 செட் வந்தால் அடுத்த முறை 42.5 போடலாம். முதல் சில மாதங்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் தானாகவே ஓடும். சிக்கல் அது நிற்கும்போது தொடங்குகிறது.

எனக்கு அது, பாரைத் தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ்ஸில் நின்றது. 30 கிலோ, 3 செட், 5 ரெப் நன்றாக வந்தது. எங்கள் ஜிம்மில் இருந்த மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. பாரின் இரண்டு பக்கமும் போட்டால் 5 கிலோ கூடிவிடும். 60 கிலோ ஸ்குவாட்டில் 5 கிலோ என்பது எட்டு சதவீதம்தான். 30 கிலோ பிரஸ்ஸில் அதே 5 கிலோ கிட்டத்தட்ட பதினேழு சதவீதம். தோளுக்கு அது பெரிய தாவல். 35 போட்டேன், இரண்டு ரெப்போடு கை நின்றது. மறுபடி 30, மறுபடி 35 என்று வாரங்கள் ஓடின.

அப்போது இருந்த ட்ரெய்னர் நல்லவர், கண் கூர்மையானவர். முழங்கை பின்னால் போனால் உடனே தட்டிச் சரிசெய்வார். ஆனால் அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. காலை முதல் இரவு வரை வரிசையாக ஆட்களைப் பார்க்கிறவருக்கு, மூன்று வாரத்துக்கு முன் நான் எத்தனை ரெப் எடுத்தேன் என்பது எப்படி நினைவிருக்கும்? “இன்னிக்கு ஃபுல் எனர்ஜியா போங்க சார்” என்பதோடு அது முடிந்துவிடும்.

கோச்சிடம் சேர்ந்ததும் அவர் முதலில் கேட்டது பழைய எண்களையும், ஜிம்மில் என்னென்ன பிளேட் இருக்கிறது என்பதையும்தான். பிறகு சொன்னது இது: 35-ஐ மறந்துவிடுங்கள், 30 கிலோவிலேயே வாரா வாரம் ரெப்பைக் கூட்டுங்கள். 5, 5, 5 என்பது 6, 6, 5 ஆகட்டும். மூன்று செட்டிலும் 10 வந்த பிறகு 35-க்குப் போங்கள். அங்கே 4 ரெப் வந்தாலே போதும், அதிலிருந்து மறுபடி ஏறலாம். 30 கிலோவை 10 முறை தூக்கும் வலிமையும் 35 கிலோவை 4 முறை தூக்கும் வலிமையும் ஏறக்குறைய ஒன்று. அதனால் அந்தத் தாவல் படிக்கட்டு மாதிரி ஆகிவிடுகிறது. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கி பையில் போட்டுக்கொள்வது இன்னொரு வழி. இப்போது இரண்டையும் செய்கிறேன்.

இந்த யோசனை பெரிய ரகசியம் இல்லை. ஆனால் நான்கு வார எண்களை ஒன்றாகப் பார்த்தால்தான் அது தோன்றும். நல்ல ஆன்லைன் கோச்சுக்கு நாம் எண்களை எழுதி அனுப்பும் ஷீட்டையும் வீடியோவையும் தவிர வேறு வழியே இல்லை, அதனால் ஷீட்டைப் படித்தே ஆகவேண்டும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத எங்கள் ஜிம்மில் ஸ்குவாட் ரெப் குறைந்தபோது, அவர் எடையில் கை வைக்காமல் ஒரு செட்டை மட்டும் எடுத்துவிட்டார். ஆனால் வெயில் விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வேறு ஊரில் இருப்பவருக்கு மே மாதச் சென்னை ஷீட்டில் தெரியாது.

குறையும் இதேதான். வீடியோ அனுப்பினால் பதில் மறுநாள் வரும். தப்பான ஃபார்மில் அன்றைய செட் எல்லாம் முடிந்திருக்கும். வீடியோவும் சரியாக இருக்க வேண்டும்: ஸ்குவாட் என்றால் போனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் சற்றுச் சாய்வாக வைத்தால்தான் இடுப்பு மடிப்பு முழங்காலுக்குக் கீழே போகிறதா, பார் பாதத்தின் நடுவுக்கு மேலேயே நிற்கிறதா என்று தெரியும். தரையில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து எடுத்தால் ஆழம் தெரியாது. அதனால்தான் புதியவருக்கு நேரில் ஒருவர் வேண்டும் என்கிறேன். முதுகைக் கவனித்து “நிறுத்துங்க” என்று அந்த நொடியே சொல்வது பக்கத்தில் நிற்பவரால் மட்டுமே முடியும். மூட்டு வலியோ அறுவை சிகிச்சையோ இருந்தால், முதலில் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் இந்த மூன்றில் எதையும் யோசிக்க வேண்டும்.

சொந்தத் திட்டத்தைக் குறைத்து மதிப்பிடமாட்டேன். வாரம் மூன்று நாள், ஐந்தாறு பயிற்சிகள், எழுதிய நோட்டு, ஒரு விதி: ஒரே எடையில் மூன்று முறை தொடர்ந்து ரெப் தவறினால் பத்து சதவீதம் இறக்கி மறுபடி ஏறுவது. இந்த ஒரு விதியை மாற்றாமல் பிடித்துக்கொள்பவர் நெடுந்தூரம் போவார். என்னால் அது ஓரளவுதான் முடிந்தது. செட் முடிந்ததும் “இன்னும் எத்தனை ரெப் மிச்சம்” என்று கேட்டால், பழக்கம் இல்லாதவர்கள் பெரும்பாலும் இருப்பதைவிடக் குறைவாகவே சொல்வார்கள். அந்த மதிப்பீட்டை வைத்து எடை போட்டால் மாதக்கணக்கில் லேசாகவே தூக்கிக்கொண்டிருக்க நேரும். போட்டிக்குத் தயாராகிறவர்களோடு எனக்குப் பழக்கம் குறைவு, அவர்களுக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம்.

புதியவர், கையில் பணம் குறைவு என்றால், நான் சொல்வது இது: ஒரே ஒரு மாதம் பி.டி. எடுங்கள். சேரும்போதே “ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச், பிரஸ், ரோ, இந்த ஐந்தை மட்டும் கத்துக்கொடுங்க, தினம் புதுசு வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். அதன் பிறகு நாலைந்து மாதம் நோட்டை வைத்து நீங்களே ஏற்றலாம். எடை நிற்கத் தொடங்கும்போது கோச்சைத் தேடுங்கள். அப்போது காட்டுவதற்கு எண்கள் இருக்கும், அவர் வேலையும் பாதி குறையும்.

கோச்சைத் தேர்ந்தெடுக்கும்போது பணம் கட்டும் முன்பே ஒரு கேள்வி கேளுங்கள்: “மூணு வாரமா பெஞ்ச் ஏறலைன்னா என்ன மாத்துவீங்க?” தூக்கம், சாப்பாடு, கடைசி செட்டின் ரெப், ஜிம்மில் இருக்கும் பிளேட் என்று அவர் திருப்பிக் கேள்வி கேட்டால் நம்பலாம். உடனே பன்னிரண்டு வாரத்து பி.டி.எஃப். அனுப்பினால், அது எல்லோருக்கும் போகிற அதே பி.டி.எஃப்.தான்.