எழுத்துரு தொலைந்த பிடிஎஃப்பில் ஒரு ழகரத்தைத் திருத்த எந்த வழி?

பெரியம்மாவின் அந்தியேட்டிக்கு அச்சடித்த நினைவுமலரை ஆண்டுத் திவசத்துக்கு இன்னும் 100 பிரதி எடுக்கலாம் என்று வீட்டில் முடிவானது. கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் இரண்டு பிழைகள் கண்ணில் பட்டன. 7ஆம் பக்கத் தலைப்பில் “வாழ்க்கை வரளாறு”. 9ஆம் பக்கத்தில் “அவர் வால்ந்த வீடு”. மலரைத் தட்டச்சு செய்து கொடுத்தவர் அந்த வேலையையே விட்டுவிட்டார், அவருடைய கணினியும் போய்விட்டது. எங்களிடம் மிஞ்சியது பிடிஎஃப் மட்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவர் பெரியம்மா. அவருடைய மலரில் “வால்ந்த” என்று இருக்க விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

பிடிஎஃப்பில் எந்தெந்த எழுத்துருக்கள் இருக்கின்றன என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பாப்லர் தொகுப்போடு வரும் ஒரு கட்டளை அதைச் சொல்லிவிடும்:

```
pdffonts malar.pdf
```

எங்கள் மலரில் இரண்டு எழுத்துருக்கள் இருந்தன. உடற்பகுதிக்கு ஒன்று, தலைப்புகளுக்கு அலங்காரமான மற்றொன்று. இரண்டும் பாமினி விசைமுறையில் அமைந்த பழைய எழுத்துருக்கள். எங்கே தேடியும் அவை கிடைக்கவில்லை. இரண்டுக்கும் `emb`, `sub` ஆகிய பத்திகளில் `yes` என்று இருந்தது. எழுத்துரு கோப்புக்குள் பொதிந்திருக்கிறது, ஆனால் முழுதாக இல்லை, அந்த மலரில் பயன்பட்ட எழுத்து வடிவங்கள் மட்டுமே இருக்கின்றன என்பது இதற்குப் பொருள். பெயருக்கு முன்னால் ஆறு பெரிய ஆங்கில எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் நிற்பதும் இதற்கான அடையாளந்தான். இனி வரும் ஒவ்வொரு வழியும் தேறுவதும் தேறாததும், திருத்தத்துக்கு வேண்டிய எழுத்து அந்த மிச்சத்துக்குள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

எல்லோரும் முதலில் கைவைப்பது அக்ரோபேட் போன்ற தொகுப்பான்களில். எழுத்தின் மேல் சொடுக்கினால் போதும், தட்டச்சு செய்யலாம் என்பதே அதன் ஈர்ப்பு. ஆனால் புதிய எழுத்தைச் சேர்க்க அந்த எழுத்துரு நம் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும், கோப்புக்குள் பொதிந்திருப்பது போதாது. இல்லாவிட்டால் மென்பொருள் வேறொரு எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். ஒருங்குறித் தமிழ்க் கோப்பு என்றால் அந்தச் சொல் வேறு முகத்தோடு தமிழாகவாவது நிற்கும். பாமினி முறையில் அதுகூட இல்லை. அங்கே கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் எண்கள், அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துருதான். ல இருந்த இடத்தில் நான் ழவுக்கான `o` விசையைத் தட்டியதும் தமிழ் வரிக்கு நடுவே ஒரு ஆங்கில `o` வந்து உட்கார்ந்தது. லிப்ரே ஆபிஸ் டிராவில் திறந்தபோது என் கணினியில் பக்கம் முழுவதுமே `thy;e;j` போன்ற ஆங்கிலக் கோவையாக மாறிவிட்டது. எழுத்துரு கையில் இருந்தால் இவற்றைவிடச் சுலபமான வழி இல்லை. இல்லாதபோது இவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

பிழையின் மேல் வெள்ளைப் பெட்டி வைத்து, அதன் மேல் வேறு எழுத்துருவில் சரியான சொல்லை எழுதுவதும் உண்டு. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் பின்னணியில் நிறமோ பூவேலையோ இருந்தால் ஒட்டுப் போட்டது தெரியும். அடியில் பழைய சொல்லும் அப்படியே கிடக்கும், தேடினாலோ நகலெடுத்தாலோ வெளியே வந்துவிடும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டு வழிகளுக்கு இடையில்தான்.

ஒன்று இங்க்ஸ்கேப். பிடிஎஃப்பைத் திறக்கும்போது பாப்லர் வழி இறக்குமதியைத் தேர்ந்தால், எழுத்துகள் எழுத்துகளாக வராமல் கோட்டு வடிவங்களாக வரும். எழுத்துரு கணினியில் இல்லாதது அங்கே தடையே இல்லை, வடிவம் அச்சு அசலாக இருக்கும். 9ஆம் பக்கத்திலேயே வேறொரு வரியில் “தமிழ்” என்ற சொல் இருந்தது. அதிலிருந்து ழவை நகலெடுத்து, “வால்ந்த” என்பதில் உள்ள லவை அழித்துவிட்டு அங்கே ஒட்டினேன். அதே பக்கம், அதே அளவு என்பதால் ஒட்டியது தெரியவில்லை. அடிக்கோட்டில் சரியாக நிற்கிறதா என்று மட்டும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கட்டளைகளுக்குப் பழகாதவர்கள் கால் மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய வேலை இது.

இதற்கு இரண்டு விலைகள் உண்டு. அந்தப் பக்கத்தில் அதன் பிறகு எழுத்து என்று எதுவும் இல்லை, எல்லாம் படமாகிவிட்டன. ஒருங்குறிக் கோப்பாக இருந்தால் தேடும் வசதி அதோடு போய்விடும். அச்சுக்குப் போகும் கோப்பென்றால் அடுத்தது இன்னும் பெரிய சிக்கல். இங்க்ஸ்கேப் நிறங்களை சிவப்பு, பச்சை, நீலக் கலவையாகத்தான் எழுதி வைக்கும். தனிக் கறுப்பு மையில் இருந்த எழுத்து அந்தக் கலவைக்கு மாறியதும், அச்சகத்தில் நான்கு மைகளாகப் பிரிக்கப்படும் வாய்ப்பு உண்டு. தகடுகள் ஒரு மயிரிழை விலகினாலும் சிறிய எழுத்துகளின் ஓரத்தில் நிறக்கசிவு தெரியும். வாட்சப்பில் அனுப்பவோ வீட்டு அச்சுப்பொறியில் எடுக்கவோ இந்த வழி போதும். ஆஃப்செட்டில் 100 பிரதி போகும் மலருக்கு இதை வைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

மற்றது, பிடிஎஃப்பின் உள்ளே இருக்கும் எழுத்தெண்ணையே மாற்றுவது. பார்த்தால் பயமாக இருக்கும், வேலையோ மிகச் சிறியது. பிடிஎஃப்பின் உள்ளடக்கம் வழக்கமாகச் சுருக்கப்பட்டிருக்கும். அதைப் படிக்கும்படி விரித்துக் கொடுப்பது `qpdf`:

```
qpdf --qdf --object-streams=disable malar.pdf virippu.pdf
```

விரித்த கோப்பை உரைத்தொகுப்பான் ஒன்றில் திறந்து `Contents for page 9` என்ற குறிப்பைத் தேடினேன். கொஞ்சம் கீழே அந்த வரி இருந்தது:

```
(thy;e;j tPL) Tj
```

பாமினியில் `t` வ, `h` கால், `y` ல, `;` புள்ளி. ழவுக்கு `o`. ஆகவே மாற்ற வேண்டியது ஒரே ஒரு எழுத்து. `thy;e;j` என்பது `tho;e;j` ஆனால் “வால்ந்த” “வாழ்ந்த” ஆகிவிடும். “தமிழ்” என்ற சொல்லும் இதே உடற்பகுதி எழுத்துருவில் இருப்பதால், ழவின் வடிவம் கோப்புக்குள் இருக்கிறது என்று துணிந்து மாற்றலாம்.

எல்லாக் கோப்பும் இவ்வளவு எளிதாகப் படிக்க வராது. சொல் துண்டு துண்டாக உடைந்து, நடுவில் எண்களோடு கிடக்கலாம், அப்போது முழுச் சொல்லைத் தேடினால் அகப்படாது. ஒருங்குறி எழுத்துருக்களில் பெரும்பாலும் கோணக் குறிகளுக்குள் பதினறும எண்களாக இருக்கும். அங்கே சரியான ழ வரும் வேறொரு சொல்லைப் பார்த்து, அதன் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணை மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். வரியின் வலது ஓரம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. காரணம் எழுத்தின் அகலம். ஒவ்வொரு எழுத்தின் அகலமும், எழுத்தளவை ஆயிரமாகப் பங்கிட்ட கணக்கில், `/Widths` பட்டியலில் இருக்கும். பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பதை `/FirstChar` சொல்லும். இந்தக் கோப்பில் அது 32. `o`வின் எண் 111, ஆகவே பட்டியலில் 80ஆவது இடம். அங்கே 880 இருந்தது, லவுக்கு 940. 60 பங்கு குறைவு, 11 பாயிண்ட் எழுத்தில் அது 0.66 பாயிண்ட். சொல்லுக்கு அடுத்த இடைவெளியில் அதை ஈடுகட்டினேன்:

```
[(tho;e;j)-60( tPL)] TJ
```

இங்கே கழித்தல் எண் அடுத்த எழுத்தை வலப்பக்கம் தள்ளும், கூட்டல் எண் இடப்பக்கம் இழுக்கும். வரி மறுபடியும் ஓரத்தோடு ஒத்து நின்றது.

சேமிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கோப்புக்குள் எழுத்துருவும் படங்களும் இருமத் தரவாக இருக்கின்றன. தொகுப்பான் அதை யுடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்தால் எல்லாம் பாழாகும். பைட்டுகளைத் தொடாத தொகுப்பானில்தான் திருத்த வேண்டும். பிறகு உள் அட்டவணையைச் சரிசெய்து சோதிக்க வேண்டும்:

```
fix-qdf virippu.pdf > sari.pdf
qpdf --check sari.pdf
qpdf sari.pdf malar-2.pdf
```

தலைப்பில் இந்த வழி என்னைக் கைவிட்டது. “வரளாறு” என்பது உள்ளே `tushW`. `s`ஐ `y` ஆக்கினேன். திரையில் ள போனது, ல வரவில்லை, றுவுக்கு முன்னால் கால் மட்டும் ரவோடு ஒட்டி நின்றது. அந்த அலங்கார எழுத்துருவில் மலரிலே மூன்றே தலைப்புகள்: “தேவாரம்”, “வாழ்க்கை வரளாறு”, “நன்றி”. மூன்றிலும் ல இல்லை, அதனால் அது கோப்புக்குள் வரவேயில்லை. `/Widths` பட்டியலில் `y`க்கு நேரே 0 என்று இருந்ததை முதலிலேயே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இங்க்ஸ்கேப்பிலும் இதே முட்டுக்கட்டைதான், நகலெடுக்க ல எங்குமே இல்லை. உடற்பகுதி லவைப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தேன், கோட்டின் தடிப்பு ஒத்துவரவில்லை. 22 பாயிண்ட் தலைப்பில் அது உடனே கண்ணில் குத்தும்.

அதனால் தலைப்புகள் மூன்றையும் புதிதாக அமைப்பதே முறை என்று தோன்றியது. ஒன்றை மட்டும் மாற்றினால் அது தனித்துத் தெரியும். விரித்த கோப்பில் மூன்று தலைப்புகளின் அடைப்புக்குறிகளுக்குள் இருந்ததை அழித்து வெறுமையாக்கினேன், அடியில் பழைய பிழை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக. மேலே உள்ள மூன்று கட்டளைகளையும் மறுபடி ஓட்டி `malar-2.pdf`ஐப் புதுப்பித்தேன். பிறகு அதே தாள் அளவில், நோட்டோ செரிஃப் தமிழில் தலைப்பை மட்டும் தட்டச்சு செய்து ஒரு பக்கப் பிடிஎஃப் ஆக்கி மேலே பொருத்தினேன்:

```
qpdf malar-2.pdf --overlay thalaippu.pdf --to=7 -- malar-3.pdf
```

மற்ற இரண்டு பக்கங்களுக்கும் அப்படியே. பொருத்துமுன் தலைப்புக் கோப்பையும் விரித்து, கறுப்பு `0 0 0 rg` என்று இருந்தால் `0 g` என மாற்றிவிடுவது நல்லது. இங்க்ஸ்கேப்பில் தவிர்த்த சிக்கலை இங்கே கொண்டுவரக் கூடாதல்லவா.

எண்ணிம ஒப்பம் இட்ட ஆவணங்களுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. ஒரு பைட் மாறினாலும் ஒப்பம் செல்லாது, வெளியிட்ட இடத்திலேயே திருத்திக் கேட்க வேண்டும்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் பழையதையும் புதியதையும் `pdftoppm -r 300` கொண்டு படங்களாக்கி, பக்கம் பக்கமாக ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். நான்கு பக்கங்களில் மட்டும் வேறுபாடு இருந்தது: மூன்று தலைப்புகள், 9ஆம் பக்கத்தில் ஒரு வரி.