ஆக்சிஜன் மிஷினை வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு: குண்டு 4-ல் நின்றால் போதாது

அப்பாவுக்கு நுரையீரலில் தழும்பு விழும் நோய். மதுரையில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, மூக்குக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்சிஜன் கொடுக்கச் சொன்னார்கள். வீல்சேரும் வாக்கரும் வாங்கிய வாடகைக் கடையிலேயே நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை ஆக்சிஜன் தரும் கான்சன்ட்ரேட்டர் மிஷினையும் எடுத்தேன். மாதம் 4,500 ரூபாய், அட்வான்ஸ் 10,000.

கொண்டுவந்த பையன் மிஷினை ஓடவிட்டு, வரும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஒரு சின்ன மீட்டரைக் குழாய் முனையில் வைத்து, "94 சதவீதம் காட்டுது பாருங்க சார்" என்றான். பார்த்தேன், 94தான். கையெழுத்துப் போட்டேன். அவன் அதை 1 லிட்டரில் வைத்துக் காட்டியது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் 92 இருந்த அப்பாவின் சாச்சுரேஷன், அதாவது விரலில் மாட்டிப் பார்க்கும் ரத்த ஆக்சிஜன் அளவு, அன்று இரவே 84-க்கு வந்துவிட்டது. மிஷினில் ஓட்டத்தைக் காட்டும் குழாய்க்குள் மிதக்கும் குண்டு 4-ல் நிற்கிறது, தண்ணீர் பாட்டிலில் குமிழி வருகிறது, இரைச்சலும் வழக்கம்போல. கடைக்குப் போன் செய்தால், "விரல் குளிர்ந்திருக்கும் சார், தேய்ச்சிட்டுப் பாருங்க" என்கிறார்கள். கையிருப்பாக வைத்திருந்த சிறு சிலிண்டரில் அதே 4 லிட்டரை வைத்தேன். பத்து நிமிடத்தில் 92.

மறுநாள் வேறொரு கடைக்காரரை மீட்டரோடு வரவழைத்தேன். 1 லிட்டரில் 94. குண்டை 4-க்கு ஏற்றிக் கால் மணி நேரம் விட்டுப் பார்த்தால் 72. அவர்தான் விளக்கினார். மிஷின் அறைக் காற்றை உறிஞ்சி, உள்ளே இருக்கும் ஜியோலைட் மணிகளால் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடுகிறது. மணிகளில் ஈரம் ஏறிக் கெட்டுப்போனால் நைட்ரஜனும் சேர்ந்தே வரும். குறைந்த ஓட்டத்தில் கெட்ட மணிகளும் எப்படியோ சமாளித்துவிடும்; ஓட்டத்தைக் கூட்டினால்தான் குட்டு வெளிப்படும். குண்டு காட்டுவது எத்தனை லிட்டர் வருகிறது என்பதை மட்டும். அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

ஆக்சிஜன் குறைந்தால் எரிய வேண்டிய மஞ்சள் விளக்கு எங்கே என்று தேடினார். கடையின் போன் நம்பர் ஸ்டிக்கரை அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள். நகத்தால் உரித்தோம், எரிந்துகொண்டிருந்தது! பக்கத்தில் ஓடிய நேரம் காட்டும் மீட்டரில் 23,000 மணிக்கு மேல்.

திருப்பிக் கொடுத்தபோது "பில்டர் அடைச்சிருக்கு" என்று 3,000 பிடித்துக்கொண்டார்கள். மிஷின் என் வீட்டில் இருந்ததே மூன்று நாள்.

இப்போது வேறு மிஷின். டாக்டர் சொன்ன 4 லிட்டரில் இருபது நிமிடம் ஓடவிட்டு, மீட்டரில் வந்த 93-ஐயும் ஓடிய மணிக்கணக்கையும் பில்லிலேயே எழுதி வாங்கினேன். கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. இருந்தாலும் எழுதிக் கொடுத்தார்.