ஹைப்பர்கேரை எந்த விதிப்படி முடிப்பது: நாள்காட்டியா, அளவுகோலா, கணக்குச் சுழற்சியா?

நிறுவனத்தின் கணக்கு, சரக்கு, விற்பனை ஆகியவற்றை ஒன்றாக நடத்தும் புதிய ஈ.ஆர்.பி. மென்பொருள் கோ-லைவ் ஆகிப் பயன்பாட்டுக்கு வந்த பிறகு, திட்டக்குழு உடனே கலைந்துவிடாமல் கூடுதல் ஆட்களோடு சில வாரங்கள் பயனர்களின் பக்கத்திலேயே இருக்கும் காலத்தைத்தான் ஹைப்பர்கேர் என்கிறோம். அதை எப்படித் தொடங்குவது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு எழுவதில்லை. எப்போது முடிப்பது என்பதில்தான் நிறுவனமும் மென்பொருளைச் செயல்படுத்தித் தரும் வெண்டாரும் மோதிக்கொள்கிறார்கள். பேச்சுவார்த்தை மேசைக்கு வழக்கமாக வரும் இரண்டு விதிகளையும், நான் வலியுறுத்தும் மூன்றாவது விதியையும் ஒரே எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம்.

பெங்களூரு பீணியாவில் இயந்திர உதிரிபாகங்கள் செய்து, ஓசூரிலுள்ள ஆலைகளுக்கு அனுப்பும் ஒரு நடுத்தர நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியதால் இ-இன்வாய்ஸ் கட்டாயம். ஜூலை 1 அன்று புதிய மென்பொருள் கோ-லைவ் ஆகிறது. பழைய மென்பொருளிலிருந்து வாடிக்கையாளர் விவரங்களை மாற்றும்போது, சிலருக்கு விநியோக இடம் என்ற புலம் காலியாக வந்து, மென்பொருள் அதில் கர்நாடகத்தின் குறியீடான 29-ஐத் தானாக நிரப்பிவிடுகிறது. ஓசூர் வாடிக்கையாளருக்கு அது தமிழ்நாட்டின் 33 ஆக இருந்திருக்க வேண்டும். வேறு மாநில விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. விழ வேண்டிய இன்வாய்ஸில், ஒரே மாநில விற்பனைக்கான சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் விழுகின்றன. மொத்தத் தொகை மாறாததால் யார் கண்ணிலும் படாமல், இன்வாய்ஸ் அச்சாகி லாரியும் கிளம்பிவிடுகிறது.

முதல் விதி நாள்காட்டி: கோ-லைவிலிருந்து இரண்டு வாரம், அதன் பின் வழக்கமான சப்போர்ட். இதற்கு ஒரு நியாயம் உண்டு. வெண்டாரின் ஆலோசகர்களுக்கு நாள்கணக்கில் பணம் போவதால் செலவை முன்கூட்டியே சொல்ல முடிகிறது. அவர்களும் அடுத்த வேலைக்குத் தேதி கொடுக்க முடிகிறது. ஆனால் நம் எடுத்துக்காட்டில் ஜூலை 14 அன்று ஹைப்பர்கேர் முடியும்போது, புதிய மென்பொருளில் ஒரு மாதக் கணக்குகூட முடிக்கப்பட்டிருக்காது. லாகின், அனுமதி, பிரிண்டர் தொடர்பாகப் பயனர்கள் பதிவு செய்யும் புகார் டிக்கெட்டுகளே அந்த இரண்டு வாரத்தை விழுங்கியிருக்கும்.

இரண்டாவது விதி அளவுகோல்: தொடர்ந்து பத்து வேலைநாட்கள் மிக அவசரமான பி1 டிக்கெட் எதுவும் வராமல், அன்றாடம் வரும் புதிய டிக்கெட்டுகள் சப்போர்ட் குழு தனியாக முடிக்கக்கூடிய எண்ணிக்கைக்குள் அடங்கினால் ஹைப்பர்கேர் முடியும். நாள்காட்டியைவிட இது மேலானது, ஏனெனில் மென்பொருளின் நிலையைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. ஆயினும் இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. பி1 என்றால் என்ன என்று கோ-லைவுக்கு முன்பே எழுதி வைக்கவில்லை என்றால், முடிவு நாள் நெருங்க நெருங்க பி1 டிக்கெட்டுகள் அடுத்த தரமான பி2 ஆக மாறத் தொடங்கும். “இன்வாய்ஸ் போட முடியவில்லை, சரக்கு கேட்டைத் தாண்ட முடியவில்லை, அல்லது வரித்தொகை தவறாக விழுகிறது” என்று மூன்று நிலைகளை மட்டும் பி1 ஆக எழுதி, தரத்தைக் குறைக்கும் அதிகாரத்தை வெண்டாருக்குத் தராமல் கணக்குத் துறைத் தலைவரிடம் மட்டும் வைப்பது இதற்கு மருந்து. புதிய வசதி கேட்டு வரும் டிக்கெட்டுகளைத் டிக்கெட்டுகளைத் தரம் பிரிக்கும் தினசரி டிரையாஜ் கூட்டத்திலேயே தனிப்பட்டியலுக்கு அனுப்பிவிட வேண்டும். அவை கலந்தால் எண்ணிக்கைக்குப் பொருளே இருக்காது.

இரண்டாவது ஓட்டை இன்னும் ஆழமானது. டிக்கெட் குறைவது பிரச்சினை தீர்ந்ததால் மட்டுமே அல்ல. பீணியா ஸ்டோர்களில் தமிழும் கன்னடமும் பேசும் ஊழியர்கள், ஆங்கிலப் படிவத்தை நிரப்பி டிக்கெட் எழுப்புவதைவிடப் பழைய எக்செல் தாளுக்குத் திரும்புவதையே எளிதாகக் காண்பார்கள். ஆகவே அவர்கள் மொழி பேசும் ஒருவர் காலையும் மாலையும் ஸ்டோருக்கு நேரில் போய், வாய்மொழியாகக் கேட்டுத் தானே டிக்கெட் எழுதும் ஏற்பாடு அவசியம். முதல் வாரத்தில் நாள்தோறும் டிக்கெட் வந்த ஸ்டோர் திடீரென்று அமைதியானால், அங்கு பதிவாகும் சரக்கு வரவுகளின் எண்ணிக்கையைக் கேட் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் ஓசூர் இன்வாய்ஸ் பிழை அளவுகோலில் சிக்காது. அதைப் பற்றி எவரும் டிக்கெட் எழுப்பவில்லை. ஜூலை விற்பனை விவரங்களைச் சொல்லும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவம் ஆகஸ்ட் 11-க்குள் போக வேண்டும். அப்போது மாநிலவாரி விற்பனையைப் பார்க்கும் கணக்காளர் கவனித்தால் உண்டு. தவறினால், வாங்குபவரின் வரி வரவுகளைக் காட்டும், 14-ஆம் தேதி உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது என்று கண்டு, ஓசூர் வாடிக்கையாளரே தொலைபேசியில் அழைப்பார். இ-இன்வாய்ஸை இணையதளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரமே உண்டு என்பதால், அந்த அழைப்பு வருவதற்குள் ஒரு மாத இன்வாய்ஸ்களுக்குக் கிரெடிட் நோட் போட்டு, சரியான வரியோடு மீண்டும் எழுப்பும் வேலை குவிந்திருக்கும்.

எனவே மூன்றாவது விதியான கணக்குச் சுழற்சியைத்தான் நான் பரிந்துரைக்கிறேன்: அளவுகோல் நிறைவேற வேண்டும், அதோடு முதல் மாதக் கணக்கு முடிப்பு, முதல் ஜி.எஸ்.டி.ஆர்-1, ஆகஸ்ட் 20-இல் வரும், வரி செலுத்துவதற்கான முதல் ஜி.எஸ்.டி.ஆர்-3பி ஆகிய மூன்றும் புதிய மென்பொருளின் தரவிலிருந்தே நடந்து முடிந்திருக்க வேண்டும். ஏழு வாரத்துக்கு முழுக்குழுவுக்கும் யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி சரியானதுதான். முழுக்குழு ஜூலை 14 வரை இருந்தால் போதும். அதன் பின் பாதியாகக் குறைத்து, ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 14 வரை வரி அறிந்த ஆலோசகரை மட்டும் திரும்ப அழைக்கலாம். முதல் நாளிலிருந்தே டிக்கெட்டைச் சப்போர்ட் குழுதான் முதலில் எடுக்க வேண்டும், ஆலோசகர் பின்னால் இருந்து உதவ வேண்டும். அப்படிச் செய்தால் ஆள் குறையும் நாளில் அறிவும் சேர்ந்து வெளியேறாது.

கூடவே, சுழற்சி வரும்வரை காத்திராமல் தினமும் மாலை ஒரு சரிபார்ப்பை ஓட்டலாம். அட்டவணையின் பெயர்கள் உங்கள் மென்பொருளுக்கேற்ப மாறும்:

```sql
SELECT invoice_no, buyer_gstin, pos_code
FROM invoices
WHERE invoice_date = CURRENT_DATE
  AND LEFT(buyer_gstin, 2) <> pos_code;
```

வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களும் விநியோக இடமும் நியாயமான காரணத்தால் வேறுபடும் இன்வாய்ஸ்களும் இருக்கலாம் என்பதால், வரும் பட்டியலை ஒருவர் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தவறு தெரிந்த அன்றே, இ-வே பில் இருந்தால் முதலில் அதையும் பிறகு இன்வாய்ஸையும் ரத்து செய்ய வாய்ப்பிருக்கிறது.

மூன்றாவது விதிக்கும் ஒரு கடைசித் தேதி வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் முடிவின்றி நீளும். இந்த எடுத்துக்காட்டில் அதை ஆகஸ்ட் 31 என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவேன். அன்றும் அளவுகோல் நிறைவேறவில்லை என்றால் அதைக் குறைபாட்டுப் பட்டியலாக எழுதி, வெண்டாரின் இறுதித் தவணையை நிறுத்திவைக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்க வேண்டும். முடிவுக் கையெழுத்தைத் திட்ட மேலாளர் போடக்கூடாது. கணக்குத் துறைத் தலைவரும் சப்போர்ட் குழுத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். வழக்கமான நிலைக்குத் திரும்பிய பின் வரும் முதல் மாதக் கணக்கு முடிப்பில் வரி தொடர்பான பி1 ஒன்று வந்தாலும், தனி ஒப்புதலுக்குக் காத்திராமல் அதே ஆலோசகர் மறுநாளே பீணியாவுக்கு வர வேண்டும் என்ற வரியும் அந்த ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.