தேர்வுத் தேதி மாறினால் பெற்றோருக்கு எப்படி எழுதுவது?

எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணிதம் டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை நடக்க வேண்டும். மழை விடுமுறையால் அது 20, சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகிறது. மற்றத் தேர்வுகளில் மாற்றம் இல்லை. இதை வீட்டுக்குச் சொல்ல, வகுப்பாசிரியர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியைப் பிடிக்கிறார்கள்.

முதல் வழி, திருத்திய அட்டவணையைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போட்டு, கீழே இப்படி எழுதுவது: "தேர்வு அட்டவணை மாற்றியமைக்கப்பட்டுள்ளது. பெற்றோர்கள் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." முழு விவரமும் ஓரிடத்தில் இருக்கிறது என்பது இதன் பலம். ஆனால் எது மாறியது என்பதை அது சொல்வதில்லை. அம்மா பழைய தாளையும் புதிய படத்தையும் வரிவரியாக ஒப்பிட வேண்டும். பழைய தாளோ பீரோக் கதவில் ஒட்டியபடியே இருக்கும். நான் ஒருமுறை இப்படி அனுப்பியபோது, மூன்று பிள்ளைகள் தேர்வன்று வரவில்லை. மூன்று வீட்டிலும் பழைய அட்டவணைதான் நடப்பில் இருந்தது.

இரண்டாம் வழி, மாறியதை மட்டும் எழுத்தில் அனுப்புவது:

"அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். மழை விடுமுறை காரணமாக, 12.12 வெள்ளி அன்று நடக்கவிருந்த கணிதத் தேர்வு 20.12 சனிக்கிழமை காலை 10 மணிக்கு நடக்கும். பகல் 12.30க்குப் பிள்ளைகளை அனுப்பிவிடுவோம். மற்றத் தேர்வுகளில் மாற்றம் இல்லை. அன்று வர இயலாதவர்கள் 17.12 புதன்கிழமைக்குள் எனக்குத் தெரிவியுங்கள்."

நான் இதன் பக்கம்தான். பழைய நாளும் புதிய நாளும் ஒரே வாக்கியத்தில் இருப்பதால் ஒப்பிடும் வேலை இல்லை. தேதியோடு கிழமையும் இருப்பதால், ஒன்றில் பிழை நேர்ந்தாலும் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும். "மற்றத் தேர்வுகளில் மாற்றம் இல்லை" என்ற வரியை விட்டுவிட்டால் அன்று இரவே அறிவியல் தேர்வைப் பற்றித் தொலைபேசி வரும். மரியாதையும் இதில்தான் கூடுதல். "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்பதைவிட, சனிக்கிழமையும் வேலைக்குப் போகும் தாய்க்குப் பிள்ளை திரும்பும் நேரம் தெரிவதுதான் உதவி.

இதற்கும் ஒரு குறை உண்டு. முதல் அட்டவணையே கைக்கு வராத வீட்டுக்கு இந்த ஒரு வரி போதாது. அதனால் செய்திக்குப் பிறகு முழு அட்டவணையையும் அனுப்புகிறேன். அதன் தலைப்பிலேயே "திருத்தியது, 12.12" என்று எழுதி, பழையதைக் கிழித்துவிடச் சொல்கிறேன். தேதி போடாத படம் குழுவுக்குக் குழு போகும்போது எது பிந்தியது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் ஒரே கைப்பேசிதான், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது என்றால், வாட்ஸப் இரவில்தான் கண்ணில் படும். அந்தப் பிள்ளைகளுக்கு நாட்குறிப்பு இன்றும் நல்ல வழி. கரும்பலகையில் நான் எழுதுவதை அவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். 20 என்பது 22 ஆகிவிடாமலிருக்க, ஒவ்வொரு நாட்குறிப்பையும் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே அனுப்புகிறேன். மறுநாள் பெற்றோர் கையொப்பம் இல்லாத வீடுகளை மட்டும் தொலைபேசியில் அழைக்கிறேன்.