‘பிங் 20க்கு வந்திடும்’ என்று சொல்லி விற்கும் கேமிங் ரவுட்டரை வாங்காதீர்கள்

வன்னியில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இதை எழுதுகிறேன். ‘கேமிங் ரவுட்டர்’ என்ற பெயரில் சிவப்பு அன்டெனா வைத்த பெட்டி ஒன்றையும், அதோடு ‘பிங் குறைக்கும்’ ஆப் ஒன்றுக்கான சந்தாவையும் சேர்த்து இங்கே விற்கிறார்கள். என் அக்காவின் மகனும் அவனுடைய மூன்று கூட்டாளிகளும் காசு சேர்த்து இதை வாங்கினார்கள். பெட்டிக்கு 11,500 ரூபாய், ஆப்புக்கு 3,000 ரூபாய். முதலில் ஒன்றை வாங்கி மருமகன் வீட்டில் வைத்துப் பார்ப்பது, நல்லதென்றால் மற்றவர்களும் வாங்குவது என்பது அவர்களுடைய திட்டம். நான்கு பேரும் பரந்தன், தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நான்கு இடங்களில் இருக்கிறார்கள். ஓ.எல். படிக்கும் பிள்ளைகள். இரவில் ஒன்றாக விளையாடுவதுதான் அவர்களுக்குச் சந்திப்பு.

அவர்கள் விளையாடியது பப்ஜி மாதிரியான, ஓடி ஓடிச் சுடும் விளையாட்டு. மருமகனின் முறைப்பாடு எப்போதும் ஒன்றுதான்: “மாமா, நான் சுவருக்குப் பின்னால போனாப் பிறகுதான் சாகிறன்.” அவன் சொல்வது பொய்யல்ல. இந்த விளையாட்டுகளில் நீங்கள் ஓடுவதை உங்கள் போன் உடனே காட்டிவிடும். ஆனால் யார் எங்கே நின்றார், யார் யாரைச் சுட்டார் என்று தீர்மானிப்பது எங்கோ இருக்கும் சேவையகம். நீங்கள் சுவருக்குப் பின்னால் போன செய்தி அங்கே போய்ச் சேர்வதற்குள், எதிராளியின் திரையில் நீங்கள் இன்னும் வெளியில்தான் நிற்கிறீர்கள். அவர் சுடுகிறார், சேவையகம் அதை ஏற்றுக்கொள்கிறது. செய்தி போய்த் திரும்பி வர எடுக்கும் நேரத்தைத்தான் பிங் என்கிறோம். அது 200, 300 மில்லிசெக்கனுக்குப் போனால், எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை என்றாலும் தோற்பான்.

கடையில் காட்டிய வித்தை இதுதான். கடைக்காரர் பெட்டியை மேசையில் வைத்து, போனை அதன் வைஃபையில் இணைத்து, ஆப்பைத் திறந்து காட்டியிருக்கிறார். திரையில் பெரிய பச்சை எழுத்தில் 18 என்று வந்திருக்கிறது. “தம்பி, வீட்டிலயும் பிங் 20க்கு வந்திடும், பயப்பிடாத” என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் ஸ்பீட் டெஸ்டில் 40 எம்பிபிஎஸ் வந்ததையும் காட்டியிருக்கிறார். பிள்ளைகள் மயங்கிவிட்டார்கள். பின்னர் நான் மருமகனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனபோது காட்சிக்கு வைத்திருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு வயர் செருகியிருந்தது. அது கடையின் ஃபைபர் இணைப்புக்குப் போகிறது. உள்ளே சிம்மே இல்லை. மருமகன் வீட்டுப் பக்கம் ஃபைபர் இல்லை, அங்கே அதே பெட்டி சாதாரண 4ஜி சிம்மில்தான் ஓட வேண்டும்.

அந்த 18 என்ற எண்ணுக்கு வருகிறேன், ஏனென்றால் ஏமாற்றின் மையம் அதுதான். அந்த ஆப் காட்டுவது மிஞ்சிப்போனால் உங்கள் போனில் இருந்து ஆப்காரரின் சேவையகத்துக்கு எடுக்கும் நேரம். விளையாட்டின் சேவையகத்துக்கு எடுக்கும் நேரம் அல்ல. இவர்கள் விளையாடும் சேவையகம் சிங்கப்பூரில் இருக்கிறது. இலங்கையில் இருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் பார்த்தாலே ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். ஃபைபர் கேபிளுக்குள் ஒளி ஒரு மில்லிசெக்கனில் கிட்டத்தட்ட 200 கிலோமீற்றர்தான் போகும். போய் வர 5,400 கிலோமீற்றர் என்றால் 27 மில்லிசெக்கன் கட்டாயம் வேண்டும். அதுவும் கடலுக்கடியில் கேபிள் நேர்கோட்டில் போனால்தான், அது அப்படிப் போவதில்லை. அதற்கு மேல் போனில் இருந்து டவருக்கு, டவரில் இருந்து கொழும்புக்கு என்று இன்னும் நேரம் கூடும். ஆகவே சிங்கப்பூர் சேவையகத்துக்கு 20 பிங் தருகிறேன் என்று யார் சொன்னாலும், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம், அது நடக்காது. வீட்டில் ஆப் 22 என்று காட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் விளையாட்டின் மூலையில் 190, 260, 410 என்று எண் குதித்துக்கொண்டிருந்தது. விளையாட்டுக்குள்ளே தெரியும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இணைய நிறுவனம் தரவைச் சுற்றுவழியில் அனுப்பும்போது, இந்த மாதிரி ஆப் வழியை மாற்றி நேரத்தைக் கொஞ்சம் குறைப்பதும் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் சிக்கல் பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே, போனுக்கும் டவருக்கும் இடையிலேயே இருக்கிறது. அங்கே எந்த ஆப்பும் கை வைக்க முடியாது.

அதைக் கண்டுபிடிக்க மருமகனின் விண்டோஸ் லாப்டொப்பில், Command Prompt-ஐத் திறந்து இந்த ஒரு வரியை ஓட்டினேன். இதில் வரும் 8.8.8.8 கூகிளின் சேவையகம். இது விளையாட்டுச் சேவையகத்தின் தூரத்தை அளப்பதற்கு அல்ல, உங்கள் லைன் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பதற்கு.

```
ping -n 50 8.8.8.8
```

காலை ஐந்தரைக்கு மிகக் குறைந்தது 55, மிகக் கூடியது 94, ஒன்றும் தவறவில்லை. அதே பெட்டியில், அதே சிம்மில், இரவு எட்டு மணிக்கு வந்தது இது:

```
Sent = 50, Received = 46, Lost = 4 (8% loss)
Minimum = 58ms, Maximum = 712ms, Average = 171ms
```

இதில் சராசரியை மட்டும் பார்த்து விடாதீர்கள். குறைந்ததுக்கும் கூடியதுக்கும் இடையில் இருக்கும் தூரத்தையும், Lost என்று காட்டும், வழியில் தவறிப்போன தரவுப் பொதிகளையும் பாருங்கள். பிங் எப்போதும் 120இல் நின்றால் பிள்ளை அதற்குப் பழகிவிடுவான். 58க்கும் 712க்கும் இடையில் குதிக்கும் லைனுக்கு யாரும் பழக முடியாது. காலையில் நன்றாக இருந்து இரவில் இப்படி ஆகிறதென்றால், ஒரே டவரில் எல்லோரும் சேர்ந்து வீடியோ பார்க்கும் நேரம் அது என்று அர்த்தம். ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில், டவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்று சொல்லும் RSRP என்ற எண்ணையும் பார்த்தேன், -86 dBm. அது நல்ல சிக்னல். அந்த எண் -110ஐ விடவும் கீழே போகும் வீடாக இருந்தால், கூரைக்கு மேலே வைக்கும் அன்டெனா உண்மையிலேயே உதவும். சிக்னல் நல்லதாக இருந்தும் டவர் நெரிசலாக இருந்தால், அன்டெனா சிவப்பாக இருந்தென்ன, கறுப்பாக இருந்தென்ன. அந்த 40 எம்பிபிஎஸ் கதையும் அப்படித்தான். சுடும் விளையாட்டு இழுக்கும் டேட்டா மிகக் குறைவு. பஸ் எத்தனை பேரை ஏற்றும் என்பதும் எத்தனை மணிக்கு வரும் என்பதும் வேறு வேறு விஷயங்கள்.

சரி, அந்த லைனை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன விளையாடுவது? ஆட்டம் உங்களுக்காகக் காத்திருக்குமா என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘முறை வைத்து ஆடுவது’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. லூடோ, பில்லியர்ட்ஸ் மாதிரி முறை வைத்து ஆடும் பல ஆட்டங்களில், ஒவ்வொரு முறைக்கும் சில செக்கன்கள்தான் தருவார்கள். லைன் அறுந்தால் முறை போகும், வைத்த கொயினும் போகும். விசுவமடுப் பிள்ளை காசு கொடுத்து வாங்கிய கொயின்களை இப்படித்தான் இழந்தான். அதற்கு ஒரு சோதனை உண்டு. புது விளையாட்டு ஒன்றில் கூட்டாளியோடு காசில்லாத ஆட்டம் ஒன்றைத் தொடங்கி, உங்கள் முறையின் நடுவில் போனை ஃபிளைட் மோடில் அரை நிமிடம் போடுங்கள். திரும்பி வரும்போது ஆட்டம் விட்ட இடத்தில் நின்றால் அது எங்கள் ஊருக்குப் பொருந்தும். தோற்றதாகக் காட்டினால் அழித்துவிடுங்கள்.

இந்தச் சோதனையில் தேறி இப்போது அவர்கள் ஆடுவது யூனிசிவ். ஆண்ட்ராய்டில் இலவசம், நாகரிகங்களைக் கட்டி வளர்க்கும் ஆட்டம். ஒருவர் தன் முறையை முடித்ததும் ஆட்டத்தின் நிலை ஒரு சிறு கோப்பாகச் சேவையகத்துக்குப் போகிறது, அடுத்தவர் அதை எடுத்துத் தொடர்கிறார். பிங் 700 ஆக இருந்தாலும் கோப்பு ஓரிரு செக்கன் பிந்திப் போகுமே தவிர யாரும் சாக மாட்டார்கள். இதில் ஒரு குறை உண்டு: ஒருவன் மறந்துவிட்டால் மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும். முதல் ஆட்டம் அப்படித்தான் இழுபட்டுக் கைவிடப்பட்டது. அதன் பிறகு மிகச் சிறிய வரைபடத்தை எடுத்து, ஏழரைக்கு எல்லோரும் வாட்ஸ்அப் அழைப்பில் வந்து ஒன்றாக ஆடுவது என்று வைத்துக்கொண்டார்கள். முடியாத நாளில் ஒருவன் காலையில் தன் முறையை ஆடிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். இரண்டு பேர் மட்டும் இருந்தால் லிசெஸ் என்ற இணையதளத்தில் சதுரங்கம். அதுவும் இலவசம், விளம்பரமும் இல்லை. ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ வைத்துக்கொள்ளலாம்.

சுடும் ஆசையை அடக்கச் சொல்லவும் மனமில்லை. டியூசன் முடிந்து நான்கு பேரும் ஒரே இடத்தில் இருக்கும் நாளில், ஒரு போனின் ஹொட்ஸ்பொட்டில் மற்ற மூன்றையும் இணைத்து மினி மிலிஷியா ஆடுகிறார்கள். லோக்கல் வைஃபை முறையில் ஆடினால் தரவு அந்த அறையை விட்டு வெளியே போவதே இல்லை, டவர் எவ்வளவு நெரிந்தாலும் கவலையில்லை. டேட்டாவும் தேவையில்லை.

கடைக்காரர் முதலில் “அண்ணை, பெட்டி உடைச்சாச்சு, இனி எடுக்கேலாது” என்றார். பில்லில் ‘ரவுட்டர் 1’ என்று மட்டும்தான் எழுதியிருந்தார், பிங் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரம் போனில் இருந்தது, அதில் ‘20ms உத்தரவாதம்’ என்று தெளிவாக இருந்தது. அதையும் இரவு எட்டு மணிக்கு எடுத்த ஸ்கிரீன்ஷொட்டையும் முன்னால் வைத்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கப் போகிறேன் என்றதும் பெட்டியை எடுத்துக்கொண்டு 7,000 ரூபாய் தந்தார். ஆப்புக்குக் கொடுத்தது திரும்பி வரவில்லை. மிச்சக் காசுக்காக எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். ஏற்கெனவே வாங்கியிருந்தால் விளம்பரச் செய்தியை அழிக்காதீர்கள், பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். வாங்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் சிம்மைப் போட்டு உங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு விளையாட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.