ஃபாஸ்ட் சார்ஜரில் 100 வரை நிற்பதா, 80-ல் கிளம்புவதா?

மின்சார காரில் நீண்ட பயணம் போகும்போது ஒரே இடத்தில் நின்று முழுசாக ஏற்றிக்கொண்டு போவது ஒரு வழி. 80 சதவீதத்தில் கழற்றிவிட்டு, வழியில் இன்னொரு இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பது இன்னொரு வழி. நான் இரண்டாவது கட்சி.

60 யூனிட் பேட்டரி உள்ள கார் 10 சதவீதத்தில் சார்ஜருக்கு வருகிறது என்று வையுங்கள். 80 வரை போக 42 யூனிட் வேண்டும், சராசரியாக 70 கிலோவாட் இழுத்தால் 36 நிமிடம். மீதி 20 சதவீதம் வெறும் 12 யூனிட்தான், ஆனால் அங்கே சராசரி 20 கிலோவாட்டுக்கு இறங்கிவிடுவதால் அதற்கும் அதே 36 நிமிடம் ஆகிறது. சார்ஜர் பழுது என்று நினைக்க வேண்டாம், வேகத்தைக் குறைக்கச் சொல்வது காரேதான். செல்லின் மின்னழுத்தம் உச்ச வரம்பைத் தொட்டபின் அதை மீறாமல் இருக்க மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்தாக வேண்டும், இல்லையென்றால் லித்தியம் உள்ளே போகாமல் எதிர்மின்முனையின் மேலே உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும்.

சரி, அந்த 12 யூனிட்டை அடுத்த சார்ஜரில், மறுபடி 10-க்கு இறங்கிய பிறகு ஏற்றினால்? காலி பேட்டரி 90 கிலோவாட் வாங்கும், 8 நிமிடம் போதும். சாலையை விட்டு இறங்க, செருக, பணம் கட்ட 10 நிமிடம் சேர்த்தாலும் 18. அப்போதும் பாதி நேரம் மிச்சம்.

செலவில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. யூனிட் கணக்கில் பில் போட்டால் இரண்டு வழிக்கும் ஏறத்தாழ ஒரே பணம், நேரம் மட்டும்தான் நஷ்டம். நிமிடக் கணக்கில் பில் போடும் இடத்தில் கதை வேறு: முதல் 36 நிமிடத்துக்குக் கொடுத்த அதே பணத்தைக் கடைசி 12 யூனிட்டுக்கும் கொடுக்கிறீர்கள், அதாவது யூனிட் ஒன்றுக்கு மூன்றரை மடங்கு. அதனால் செருகும் முன் கட்டண முறையைப் பாருங்கள், செருகிய பின் திரையில் சதவீதத்தைவிட கிலோவாட்டைக் கவனியுங்கள். ஏற்ற ஆரம்பித்தபோது இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டால் நான் கழற்றிவிடுவேன்.

இந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 50 கிலோவாட் சார்ஜரில் ஆரம்பமே மெதுவாக இருப்பதால் கடைசியில் விழும் சரிவு அவ்வளவாகத் தெரியாது, இரண்டு வழிக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். குளிரில் பேட்டரி சூடாகும் வரை காலியாக இருந்தாலும் வேகம் வராது, அப்போது என் 8 நிமிடம் நீளும். எத்தனை நிமிடம் என்று நான் சொல்வது சரியாக இருக்காது, காருக்குக் கார் மாறும். அடுத்த சார்ஜர் வேலை செய்யுமா என்றே சந்தேகம், அல்லது அங்கே ஒரே ஒரு சார்ஜர்தான் என்றால், நானும் 90 தாண்டி நிற்பேன்.